கதவு திறக்கும் நேரம், கூட்டம் தொடங்கும் நேரம்
(களுதாவளையில் தோட்டக் கிளைச் செயலாளர்கள், மாதர் குழுத் தலைவிமார் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் எனக்குத் தந்திருக்கிறார்கள். சட்டத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேசப்போவது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கதிரைகளைப் பற்றியும், அந்தக் கதவின் சாவியைப் பற்றியும். சிரிக்க வேண்டாம். ஒரு சாவியால் நம் கிளை ஒன்றின் தேர்தலே நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்தவன்.

முன்பெல்லாம் நமக்கு மண்டபம் என்ற பேச்சே இல்லை. கூட்டம் என்றால் பிரட்டுக்களம், இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் வாசல், மழை பெய்தால் பிள்ளைக்காம்பரா. அங்கே கதிரை இல்லை, மைக் இல்லை, நேரம் முடிந்தது என்று சொல்ல ஆளும் இல்லை. இருட்டும்வரை பேசலாம். அந்தப் பழக்கத்தோடு நாம் நகரத்து மண்டபத்துக்குள் போகிறோம். அங்கேதான் சிக்கல்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஊர்ப் பெயரும் மண்டபத்தின் பெயரும் வேண்டாம். ஒரு கிளையின் வருடாந்தப் பொதுக்கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பதவிக்கும் போட்டி. பெட்டி வைத்து இரகசிய வாக்கு எடுக்க வேண்டும். நான்தான் மண்டபம் எடுக்கப் போனேன். "எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டார்கள். "ஒன்பதிலிருந்து பன்னிரண்டு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். பிழை அந்த ஒரு வரியில்தான்.

கூட்டத்தன்று ஒன்பது மணிக்குச் சனம் வாசலில் நின்றது. கதவு திறந்தது ஒன்பதே கால். உள்ளே கதிரைகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. ஆளுக்கு இரண்டாக இழுத்துப் போட்டோம். மைக் ஒரு அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. அந்தச் சாவி இன்னொருவரிடம். அவர் வர பத்து மணி. கூட்டம் தொடங்கும்போது பத்தரை. அறிக்கை வாசித்து, கணக்கு வாசித்து, அதில் நாலு கேள்வி வந்து, வேட்பாளர் பெயர்களை எழுதும்போது பதினொன்றே முக்கால். அந்த நேரம் பார்த்துப் பின்கதவால் பூச்சாடியோடும் துணியோடும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு மணிக்கு அங்கே கலியாண வரவேற்பு. அவர்கள் சோடிக்கப் பன்னிரண்டு மணியிலிருந்து காசு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம். பற்றுச்சீட்டைக் காட்டினார்கள். நம்முடைய பற்றுச்சீட்டிலும் பன்னிரண்டு என்றுதான் இருந்தது.

வாக்குப் பெட்டியைத் திறக்காமலே வெளியே வந்தோம். கொழுந்து பறிக்கிற அக்காமார் அன்றைய பேரை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் திரும்பவும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த முறை பாதிப் பேர்தான் வந்தார்கள். தெரிவானவர்களைப் பார்த்து, 'பாதிச் சனம் போட்ட வாக்கு' என்று மற்றப் பக்கம் அந்த வருடம் முழுக்கச் சொன்னது. அதற்கும் மேலே, அவசரத்தில் கூட்டாமல் வந்ததற்கும் ஒரு கதிரைக்கால் உடைந்ததற்கும் வைப்புப் பணத்தில் கழித்தார்கள்.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் நடுவில் களுதாவளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்தப் பகுதி மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபைக்கு உட்பட்டது. கலவரங்களில் மலையிலிருந்து துரத்தப்பட்டு இந்த மாவட்டத்தில் குடியேறிய நம் உறவுகளும் வந்து கலந்துகொள்ள வேண்டும் என்றுதான் இங்கே வைத்தோம். பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று வந்து, மட்டக்களப்பைத் தாண்டி இன்னும் தெற்கே வர வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலில் நிறுத்த முடியாது. அதனால் இந்த முறை அந்த ஒரு வரியைக் கவனமாக எழுதினோம்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஐயா ஒருவர் பின்னால் நிற்கிறார். முதல் நாள் நான் அவரிடம் போய், "ஐயா, பத்து மணிக்குக் கூட்டம்" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, கூட்டம் எத்தனை மணிக்கெண்டு பிறகு சொல்லுங்க. கதவு எத்தனை மணிக்குத் திறக்கோணும், திறப்பை எத்தனை மணிக்கு என்ட கையில தருவீங்க, அத முதல்ல சொல்லுங்க" என்றார். எத்தனையோ வருடம் சங்கத்தில் இருந்து நான் படிக்காத பாடத்தை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

அன்றிரவு நாங்கள் நாலு பேர் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். இதை எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் பத்து முதல் ஒரு மணிவரை. நூற்று அறுபது பேர். பஸ்கள் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வரும். வந்தவுடன் பெயர் பதியும் மேசை தயாராக இருக்க வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும். அப்படியென்றால் எட்டரைக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். நாலு பேர் நூற்று அறுபது கதிரை போட்டு வரிசை பார்க்க அரை மணித்தியாலம். மேடையில் மேசை, பதாகை கட்ட, மைக் சோதிக்க இன்னொரு அரை மணித்தியாலம். ஆக ஏழரைக்குக் கதவு திறக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டார். செய்யலாம், ஆனால் எட்டுப் பேர் வேண்டும். பஸ் வருமுன் எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள்? நாலு பேர்தான் முதல் நாளே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். ஆளைப் பார்த்துத்தான் நேரத்தைப் போட வேண்டும்.

இனி முன்னோக்கி எண்ண வேண்டும். ஒரு மணிக்குக் கூட்டம் முடியும் என்று எழுதினாலும் நம் கூட்டம் ஒரு மணிக்கு முடியாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாக்கெடுப்பு இருக்கிற கூட்டமாக இருந்தால் அரை மணித்தியாலம் கூட வையுங்கள். இன்றைக்கு வாக்கெடுப்பு இல்லை, அதனால் ஒரு மணி என்றே வைத்தோம். சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக் கை கழுவ இரண்டு மணி. பிறகு கதிரை எண்ணி அடுக்க, கூட்ட, குப்பை கட்ட, பதாகை கழற்ற ஒன்றே கால் மணித்தியாலம். போடுவதைவிட எடுப்பதற்கு நேரம் கூடவா என்று கேட்பீர்கள். ஆம், கூடத்தான். போடும்போது தரை துப்புரவாக இருக்கிறது. எடுக்கும்போது சோறும் வாழையிலையும் கிடக்கும், ஆட்களும் களைத்திருப்பார்கள், பாதிப் பேர் பஸ்ஸைப் பார்த்து நடப்பார்கள். மூன்றே காலுக்கு முடித்து, ஐயாவோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, மூன்றரைக்குத் திறப்பைக் கொடுப்பது. ஆக, மூன்று மணித்தியாலக் கூட்டத்துக்கு எட்டு மணித்தியால மண்டபம்.

இந்த எட்டைக் கேட்டவுடன் நம் பொருளாளர் முகம் மாறிவிட்டது. மண்டபக் கட்டணத்தைச் சபைதான் தீர்மானிக்கும். அது சபைக்குச் சபை வேறு. பல இடங்களில் அரை நாள், முழு நாள் என்று இரண்டு கட்டணம் வைத்திருப்பார்கள். அரை நாள் கட்டணத்தில் எடுத்தால் ஒரு மணியோடு முடித்து வெளியே வர வேண்டும். அதில் காசு மிச்சம். ஆனால் ஒரு மணிக்கு வேறு யாராவது வருகிறார்களா என்பதை நாட்குறிப்பில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நமக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள். முதல் நாள் இரவு கலியாணம் இருந்தால் ஏழரைக்கு நீங்கள் திறக்கிற மண்டபத்தில் அவர்களுடைய பந்தலும் பூவும் கிடக்கும். அதை எடுக்கவே உங்கள் ஒரு மணித்தியாலம் போய்விடும். கோயில் திருவிழா நடக்கிற நாட்களில் ஊர் மண்டபம் கேட்கவே வேண்டாம். போயா தினத்தில் மண்டபம் திறப்பார்களா, திறந்தால் ஊழியருக்கு மேலதிகக் கொடுப்பனவு கட்ட வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் வாயால் கொடுக்கிறது அல்ல. படிவம் இருந்தாலும் அதோடு ஒரு கடிதம் வையுங்கள். சபைச் செயலாளருக்கு எழுதுங்கள். நாங்கள் எழுதியதன் முக்கியமான வரிகளை வாசிக்கிறேன்: 'மேற்படி தினத்தில் காலை 7.30 முதல் மாலை 3.30 வரை மண்டபம் தேவை. இதில் ஒழுங்கு செய்யும் நேரமும் துப்புரவு செய்து ஒப்படைக்கும் நேரமும் அடங்கும். கூட்டம் நடைபெறும் நேரம் 10.00 முதல் 1.00 வரை. 160 கதிரைகள், 6 மேசைகள், ஒலிபெருக்கிச் சாதனம், 2 மைக் தேவை. அன்று காலை மண்டபத்தைத் திறந்து தருபவரின் பெயரையும் அலுமாரித் திறப்பு அவரிடம் இருக்கும் என்பதையும் அறியத்தரவும்.' அந்தக் கடைசி வரியை எழுதவைத்தது அந்தப் பழைய அலுமாரிதான். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கினோம். காசாளரிடம் கட்டணமும் வைப்புப் பணமும் கட்டினால் பற்றுச்சீட்டு தருவார்கள். அதில் திகதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று வாசியுங்கள். வைப்புப் பணத்துக்குத் தனிப் பற்றுச்சீட்டு கேளுங்கள், ஏனென்றால் அது திரும்ப வர வேண்டிய காசு. அது கிளைக் கணக்கில் செலவாக அல்ல, வரவேண்டிய பணமாக எழுதப்பட வேண்டும். நம் சில கிளைகளில் அதைச் செலவாக எழுதிவிட்டுக் கேட்கவே மறந்துபோகிறார்கள்.

சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கதிரை இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். எத்தனை இருக்கிறது, அதில் உட்காரக்கூடியது எத்தனை என்று கேட்க வேண்டும். ஒரு கிழமைக்கு முன் நேரில் போய் எண்ணினோம். கால் வளைந்ததையும் வெடித்ததையும் ஒதுக்கினோம். பிளாஸ்டிக் கதிரையில் பின்கால் சேருமிடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இன்றோ நாளையோ வெடிக்கும். அந்தக் கதிரைகளை ஐயாவுக்குக் காட்டி, எண்ணிக்கையைத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இல்லாவிட்டால் பழைய உடைவு நம் தலையில் விழும். குறைந்த கதிரைகளைக் கடையில் வாடகைக்கு எடுத்தோம். கடைக் கதிரையும் மண்டபக் கதிரையும் ஒரே நிறத்தில் இருந்தால் கடைசியில் கலந்துவிடும். அதனால் கடைக் கதிரைகளின் அடியில் ஒரு துண்டு ஒட்டு நாடா ஒட்டினோம். இப்போது குனிந்து பார்க்க வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

மைக்கை ஒரு கிழமைக்கு முன்னும் சோதிக்க வேண்டும், அன்று காலையும் சோதிக்க வேண்டும். வெறும் மண்டபத்தில் எதிரொலிக்கும். சனம் நிறைந்தால் அது குறையும். அதனால் காலையில் எதிரொலிக்கிறதே என்று சத்தத்தைக் கண்டபடி குறைத்துவிடாதீர்கள். கூவுகிற சத்தம் வந்தால், மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரை மேடை விளிம்புக்கு முன்னால், சனத்தைப் பார்த்து வையுங்கள். வயரில்லாத மைக்குக்குப் புது பற்றரி நாமே கொண்டுபோக வேண்டும். பழைய மண்டபங்களில் உருண்டைக்கால் பிளக் பொயின்ற், நாம் கொண்டுபோகிற சாமான் சதுரக்கால். பொருத்துகிற அடப்டர் ஒன்றும், நீள வயர் ஒன்றும் சங்கத்துப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு வயரில் மைக்கையும் தேநீர்க் கேத்தலையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கேத்தல் போட்ட நேரம் தலைவர் பேச்சு நின்றுபோன கூட்டமும் உண்டு. (தலைவர் சிரிக்கிறார், அவருக்கு ஞாபகம் இருக்கிறது.)

கரண்ட் போனால் என்ன செய்வது? ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் யார் போடுவது, மேடை லைட்டுக்கு மட்டுமா மைக்குக்கும் வருமா என்று மூன்று கேள்வி. சில மண்டபங்களில் மின்சாரத்துக்குக் கட்டணம் தனி. கதவு திறக்கும்போது ஒரு மீற்றர் கணக்கு, பூட்டும்போது ஒரு மீற்றர் கணக்கு. அப்படியென்றால் காலையிலேயே நீங்களும் அவரும் சேர்ந்து பார்த்து எழுத வேண்டும். சேர்ந்து பார்க்காவிட்டால் முந்தின நாள் கலியாணத்து வெளிச்சத்துக்கும் நீங்களே கட்டுவீர்கள்.

வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டுவதென்றால் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். மண்டப அனுமதிக்குள் அது அடங்காது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மே தினத்துக்கு முதல் நாள் இரவு ஒத்திகை என்று யாரும் கேட்காதீர்கள். உள்ளே பெட்டி ஸ்பீக்கர் போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். இந்த மண்டபத்துக்கு அதுவே போதும் என்று ஐயா சொன்னார், போதுமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் மழை நவம்பர், டிசம்பர், ஜனவரியில்.  அப்போது இங்கே வாவி நிரம்பி நிற்கும். தகரக் கூரையிலோ ஷீற் கூரையிலோ பெருமழை விழுந்தால் மைக் இருந்தும் கேட்காது. அந்த மாதங்களில் கூட்டம் வைத்தால் முக்கியமான தீர்மானங்களைக் காலையிலேயே முடிக்கப் பாருங்கள். மற்ற மாதங்களில் வெயில்தான் எதிரி. எத்தனை ஃபேன் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சுற்றாத ஃபேனுக்குக் கீழே வயதான அம்மாமாரை இருத்தாதீர்கள்.

வாக்கெடுப்பு வைக்கிற கிளைகளுக்கு ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். வாக்குப் போடுகிற மேசையை வாசல் பக்கம் போடாதீர்கள். உள்ளே மேடைக்கு ஒரு பக்கமாக, மறைப்போடு போடுங்கள். ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் கதிரைக்குத் திரும்ப வழி விடுங்கள். ஒருவர் பெயர் சொல்லி, சீட்டு வாங்கி, மறைப்புக்குள் போய், மடித்துப் போட ஒரு நிமிடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்று இருபது பேர் ஒரே மேசையில் என்றால் இரண்டு மணித்தியாலம். மேசையை இரண்டாக்கினால் ஒரு மணித்தியாலம். அந்தப் பழைய தேர்தலுக்கு நான் அரை மணித்தியாலம் வைத்திருந்தேன், ஒரே ஒரு மேசையோடு. கலியாண வீட்டார் வராவிட்டாலும் அது முடிந்திருக்காது என்பதை நான் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எண்ணுகிற நேரமும் வேண்டும், தோற்றவர் திரும்ப எண்ணக் கேட்டால் அதற்கும் நேரம் வேண்டும். இவ்வளவையும் கூட்டித்தான் மண்டபத்தில் நேரம் எழுத வேண்டும். நேரம் போதாத மண்டபத்தில் எடுத்த வாக்கை யாரும் கேள்வி கேட்கலாம்.

ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சோற்றுப் பார்சல் வந்துவிட்டது. இலையும் கடதாசியும் கறுப்புப் பையில், தண்ணீர்ப் போத்தல் தனிப் பையில் போடுங்கள். இரண்டு மணிக்குப் பசறைப் பக்கக் கிளைகள் கதிரை அடுக்குவது, ஒரு அடுக்கில் பத்து, அதற்கு மேல் வேண்டாம், சரிந்து விழும். லுணுகலைப் பக்கத்தார் கூட்டுவது. ஒட்டு நாடா ஒட்டிய கதிரை நாற்பது, அவை வாசல் பக்கச் சுவரோடு. காலை எழுதிய மீற்றர் கணக்கு என் சட்டைப் பையில் இருக்கிறது. மூன்றே காலுக்கு மாதர் குழுத் தலைவி அக்கா என்னோடும் ஐயாவோடும் வந்து அதைச் சரிபார்க்க வேண்டும். பஸ் நாலு மணிக்கு.